வெளியீடு பிசகாமல் நிற்கும்போது உள்ளே வளர்வது எது?

கேள்வி: வலது அரைத்தளத்தில் பூஜ்ஜியம் உள்ள ஓர் அமைப்புக்கு, வெளியீடு குறிப்புப் பாதையை அப்படியே பின்தொடரும்படி கட்டுப்பாட்டு விதி எழுதினேன். பின்தொடர்தல் பிழை பூஜ்ஜியம்தான். ஆனால் நிலை மாறிகள் கட்டுக்கடங்காமல் வளர்கின்றன. அமைப்பின் துருவங்கள் எல்லாம் இடப்பக்கம்தான் இருக்கின்றன. பிறகு இந்த வளர்ச்சி எங்கிருந்து வருகிறது, அது ஏன் வெளியீட்டில் தெரியவில்லை?

பிழை துளியும் கூடாது என்று கட்டுப்படுத்திக்கு நீங்கள் இட்ட கட்டளைதான் அந்த வளர்ச்சியை உண்டாக்குகிறது. வெளியீட்டுக்குக் கண்ணே இல்லாத ஒரு திசை நிலைவெளியில் உண்டு. வளர்ச்சி முழுவதும் அந்தத் திசையில் நடப்பதால் வெளியீட்டுக்கு அது தெரிவதில்லை. இதைப் பொதுவாகச் சொல்லி நிறுத்தினால் புரிந்தது போலத் தோன்றும், ஆனால் புரிந்திருக்காது. ஆகவே கையால் கணக்கிடக்கூடிய ஒரு சிறிய அமைப்பை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதனோடேயே போவோம். அதன் பரிமாற்றச் சார்பு (2 − s)/((s + 1)(s + 3)). துருவங்கள் −1, −3 என்பதால் அமைப்பு நிலையானது. பூஜ்ஜியம் மட்டும் +2-இல் உள்ளது. நிலைச் சமன்பாடுகளை இப்படி எழுதலாம். எழுத்தின் மேல் உள்ள சிறு கோடு கால வகைக்கெழுவைக் குறிக்கிறது.

```
x1' = x2
x2' = -3 x1 - 4 x2 + u
y   = 2 x1 - x2
```

வெளியீட்டை ஒருமுறை வகையிட்டால் y' = 3x1 + 6x2 − u என்று வருகிறது. உள்ளீடு u முதல் வகைக்கெழுவிலேயே வெளிப்பட்டுவிட்டதால், u-வைக் கொண்டு y'-ஐ நாம் விரும்பியபடி அமைக்கலாம். வெளியீடு 0-இலிருந்து 1-க்கு y = 1 − e^(−3t) என்ற வழியில் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு y' = 3(1 − y) என்றிருந்தால் போதும்; எனவே விதி u = 3x1 + 6x2 − 3(1 − y). அமைப்பு ஓய்வில் தொடங்கட்டும். மாதிரி துல்லியமானது, இரைச்சல் இல்லை, அளவீடுகள் சரியானவை. இவ்வளவு சாதகமான சூழலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

y = 2x1 − x2 என்பதிலிருந்து x2 = 2x1 − y. இதை முதல் சமன்பாட்டில் இட்டால் x1' = 2x1 − y. இந்த ஒரு வரியில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. y-ஐ நாம் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டோம். எனவே x1-க்கு எஞ்சியிருப்பது, 2 என்ற நேர்க்குறி வேகத்தில் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் ஒரு சமன்பாடு மட்டுமே. அந்த 2 பூஜ்ஜியத்தின் இருப்பிடமேதான். தீர்த்தால் கிடைப்பவை இவை:

```
x1(t) = 0.5 - 0.2 e^(-3t) - 0.3 e^(2t)
u(t)  = 1.5 - 4.5 e^(2t)
y(t)  = 1 - e^(-3t)
```

மூன்றாவது விநாடியில் x1 ஏறத்தாழ −120.5, x2 ஏறத்தாழ −242.1, u ஏறத்தாழ −1814. அதே கணத்தில் y-ஐக் கணக்கிட்டுப் பாருங்கள்: −241.1-இலிருந்து −242.1-ஐக் கழித்தால் 1. இரண்டு பெரிய எண்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிட, மிச்சம் நிற்கும் அந்த ஒன்றைத்தான் நாம் வரைபடத்தில் பார்த்து மகிழ்கிறோம்.

u தொடக்கத்தில் −3 என்பதைக் கவனியுங்கள், ஏனெனில் நிகழ்வின் காரணம் இந்தக் குறியில் இருக்கிறது. இந்த அமைப்பின் நிலைத்த ஆதாயம் 2/3. அதாவது வெளியீடு 1-இல் நிலைத்து நிற்க +1.5 என்ற உள்ளீடு வேண்டும். ஆனால் y'-இல் u எதிர்க்குறியோடு வருவதால், உள்ளீட்டை உயர்த்திய கணத்தில் வெளியீடு முதலில் கீழே இறங்கும், பிறகுதான் மேலே ஏறும். உடனடி விளைவு ஒரு பக்கமும் நீண்டகால விளைவு மறுபக்கமும் இழுக்கின்றன. பிழையைச் சிறிதும் பொறுக்காத கட்டுப்படுத்திக்கு உடனடி விளைவு மட்டுமே கண்ணில் படுகிறது. வெளியீடு இப்போதே ஏற வேண்டும் என்பதற்காக அது உள்ளீட்டைக் கீழே தள்ளுகிறது. சற்று நேரத்தில் அந்தத் தள்ளலின் நீண்டகால விளைவு வந்து வெளியீட்டைக் கீழே இழுக்கிறது; அதை ஈடுகட்ட இன்னும் பலமாகக் கீழே தள்ள வேண்டியிருக்கிறது. பழைய கடனை அடைக்கப் பெரிய கடன் வாங்குவது போல ஒவ்வொரு திருத்தமும் அடுத்த திருத்தத்தைப் பெரிதாக்குகிறது. அந்த வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பது பூஜ்ஜியம்தான். இங்கே அது விநாடிக்கு e², அதாவது சுமார் 7.4 மடங்கு.

இப்போது ‘பூஜ்ஜிய இயக்கவியல்’ என்ற பெயருக்கு வருவோம். வெளியீட்டை எல்லாக் காலத்திலும் பூஜ்ஜியத்தில் பிடித்து வைத்தால் உள்ளே எஞ்சும் இயக்கமே அது. மேலே உள்ள வரியில் y = 0 என்று இட்டால் x1' = 2x1 என்று ஆகிறது; இதுதான் இந்த அமைப்பின் பூஜ்ஜிய இயக்கவியல். நிலை மாறிகள் இரண்டு. வெளியீட்டைப் பிடித்து வைப்பதில் ஒன்று செலவாகிவிட்டது. மீதமுள்ள ஒன்று யாருடைய கட்டளைக்கும் கட்டுப்படாமல் தன் போக்கில் ஓடுகிறது. அந்த ஓட்டம் தானாக அடங்குமானால் அமைப்பை மினிமம் ஃபேஸ் என்கிறோம், அடங்காவிட்டால் நான்-மினிமம் ஃபேஸ் என்கிறோம். ‘ஃபேஸ்’ என்ற சொல் அதிர்வெண் வரைபடக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. நிலைவெளியில் சிந்திப்பவருக்கு அது பெரிதாக உதவுவதில்லை என்பது என் எண்ணம்.

வெளியீட்டில் ஏன் தெரியவில்லை என்ற இரண்டாம் பாதிக்கு, மூடிய வளையத்தின் சமன்பாடுகளை எழுதிப் பார்த்தாலே போதும். விதியை உள்ளே இட்டால் x2' = 6x1 − x2 − 3 என்று வருகிறது. இதன் சிறப்புப் பல்லுறுப்புக்கோவை s² + s − 6, அதாவது (s + 3)(s − 2). தொடக்கத்தில் −1, −3 என்றிருந்த துருவங்கள் இப்போது −3, +2 என்று ஆகிவிட்டன. −3 நாம் கேட்டு வாங்கியது; +2 நாம் கேட்காமல் வந்தது. அந்த +2-க்குரிய ஐகன் திசை (1, 2). வெளியீடோ 2x1 − x2; அந்தத் திசையில் அது 2 − 2 = 0. மூலஅமைப்பில் எல்லா நிலைகளையும் வெளியீட்டிலிருந்து கண்டறிய முடியும். பின்னூட்டம்தான் ஒரு துருவத்தைச் சரியாகப் பூஜ்ஜியத்தின் மேல் கொண்டுபோய் வைத்து, அதை வெளியீட்டின் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது. பரிமாற்றச் சார்பு மொழியில் சொன்னால் வலது அரைத்தளத்தில் ஒரு பூஜ்ஜியமும் துருவமும் ரத்தாகின்றன. தாளில் அவை ரத்தாகும். நிலை மாறிகளில் ரத்தாகா.

துல்லியமான விதியைத் தவிர்த்துவிட்டு வெறும் உயர் ஆதாயத்தைக் கொண்டு தப்பிக்கலாம் என்று சிலர் கருதுவதுண்டு. வேர்ப் பாதை வரைபடம் அந்த நம்பிக்கையைக் கலைத்துவிடும். ஆதாயம் கூடக் கூட மூடிய வளையத்தின் துருவங்கள் அமைப்பின் பூஜ்ஜியங்களை நோக்கி நகர்கின்றன, எனவே +2-ஐ நோக்கி ஒன்று போகத்தான் செய்யும். துல்லியப் பின்தொடர்தல் அந்தப் பயணத்தின் கடைசி நிறுத்தம் மட்டுமே.

இந்தக் கோளாறை நேரில் எப்படி அடையாளம் காண்பது? உருவகப்படுத்துதலில் y-ஐ மட்டும் வரைந்தால் நெடுநேரம் எதுவும் தெரியாது. மாணவப் பருவத்தில் நானே வெளியீட்டு வரைபடத்தை மட்டும் அச்சிட்டுக்கொண்டு போய், u எங்கே என்ற ஒரு கேள்வியில் வாயடைத்து நின்றிருக்கிறேன். u-வைக் கட்டாயம் வரையுங்கள். செங்குத்து அச்சை இயல் லாக் அளவில் இட்டு அதன் எண்ணளவை வரைந்தால் ஒரு நேர்க்கோடு கிடைக்கும், அந்தக் கோட்டின் சரிவு 2 என்று வந்தால் குற்றவாளி யார் என்பது அங்கேயே எழுதியிருக்கும். எதையும் வரையாமல் ஓடவிட்டாலும் கணினி ஒருநாள் காட்டிக்கொடுத்துவிடும். 18-ஆவது விநாடியில் x2 ஏறத்தாழ −2.6 × 10^15 ஆகிறது. இரட்டைத் துல்லிய எண்களில் அந்த அளவில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையிலான இடைவெளி 0.5. எனவே 2x1 − x2 என்ற கழித்தல் இனி அரை அரையாகத்தான் தாவ முடியும். 1 என்ற மதிப்பைப் பற்றி அந்த வெளியீடு சொல்வதில் பொருளே இல்லை.

மெய்யான கருவியில் அவ்வளவு நேரம் காத்திருக்கத் தேவையில்லை. இயக்கி −10-க்கும் +10-க்கும் இடையில் மட்டுமே வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டால், 1.5 − 4.5e^(2t) என்பது −10-ஐத் தொடுவது 0.47-ஆவது விநாடியில். அப்போது y சுமார் 0.76, எல்லாம் ஒழுங்காகப் போவது போலவே இருக்கும். அதன் பிறகு உள்ளீடு −10-இல் சிக்கிக்கொள்கிறது. அமைப்பு நிலையானது என்பதால் நிலை மாறிகள் வெடிப்பதில்லை, ஆனால் வெளியீடு திரும்பி எதிர்த்திசையில் விழுந்து −6.67-ஐ நோக்கிப் போகிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் விதி கேட்பது −33. அதாவது கட்டுப்படுத்தி தவறான பக்கத்தில் முழுப் பலத்தையும் போட்டு அழுத்திக்கொண்டே நிற்கும், தானாக மீளாது. உள்ளீடு எல்லையில் சிக்கிய பின் வெளியீடு குறிப்புக்கு நேரெதிராக ஓடுவதையும், உள்ளீடு தன் இறுதி மதிப்புக்கு எதிர்க்குறியில் தொடங்குவதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த நோயை ஆதாயத் தவறிலிருந்து பிரித்தறியலாம்.

இனி, எல்லைக்குள் அடங்கும் தீர்வு என்று ஒன்று உண்டா என்ற கேள்வி எழும். குறிப்புப் பாதையை r என்று எழுதி, x1' = 2x1 − r என்பதைத் தொடக்க மதிப்போடு சேர்த்துத் தீர்த்தால், வளரும் உறுப்பின் கெழு x1(0)-இலிருந்து ∫ e^(−2t) r(t) dt என்ற தொகையைக் கழித்த மிச்சம் என்று தெரியும்; தொகை 0 முதல் முடிவிலி வரை. அந்த மிச்சம் பூஜ்ஜியமாக இருந்தால் வளர்ச்சி இல்லை. நம் குறிப்புக்கு அந்தத் தொகை 1/2 − 1/5 = 0.3. ஆக x1 சரியாக 0.3-இல், x2 சரியாக 0.6-இல் தொடங்கினால், உள்ளீடு 1.5 என்று மாறாமல் நின்றாலே y தானாக 1 − e^(−3t) வழியில் ஏறும். ஓய்விலிருந்து தொடங்குபவருக்கு அந்த 0.3 கடனாக நிற்கிறது. மேலே நாம் கண்ட −0.3 e^(2t) அதே கடன்தான்.

கடனை முன்கூட்டியே அடைக்க வழி உண்டு. குறிப்பு எப்போது ஏறப்போகிறது என்பது முன்னரே தெரிந்தால், t = 0-க்கு முன்பே u = 4.5 e^(2t) என்ற உள்ளீட்டைக் கொடுக்கலாம். அப்போது x1 = 0.3 e^(2t), x2 = 0.6 e^(2t); இரண்டும் (1, 2) திசையில் நகர்வதால் வெளியீடு 0-இல் அசையாமல் இருக்கும். t = 0-இல் நிலை சரியாக (0.3, 0.6)-ஐ எட்டுகிறது, அந்தக் கணத்தில் உள்ளீட்டை 1.5-க்கு இறக்கிவிட்டால் போதும். வெளியீட்டுக்குத் தெரியாத அதே திசை இங்கே நமக்கு உதவுகிறது: வெளியீடு அறியாமல் உள்நிலையைத் தயார் செய்துகொள்ளும் வழி அதுவே. கண்டிப்பாகப் பார்த்தால் இது முடிவிலாக் காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். நடைமுறையில் 2 விநாடி முன்பாகத் தொடங்கினால் விடுபடுவது e^(−4), அதாவது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த உள்ளீட்டை முன்னூட்டமாகக் கொடுக்க வேண்டும், மேலே எழுதிய துல்லியப் பின்னூட்ட விதியோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அந்த 2 விழுக்காட்டுப் பிழையையே +2 துருவம் பிடித்துக்கொண்டு பெருக்கத் தொடங்கிவிடும்.

குறிப்பு முன்கூட்டித் தெரியாது, ஓய்விலிருந்து தொடங்க வேண்டும் என்றால் விட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளீடு எல்லைக்குள் இருக்கும் வரை ∫ e^(−2t) y(t) dt = 0 என்பதை எந்தக் கட்டுப்படுத்தியாலும் மீற முடியாது. வெளியீடு இறுதியில் 1-ஐ அடைய வேண்டுமானால் இடையில் எங்கேனும் எதிர்க்குறிக்குப் போயே தீர வேண்டும் என்பதே இதன் பொருள். ஓர் எளிய ஏற்பாடு, குறிப்பை (2 − s)/(2 + s) வழியாக வடிகட்டி, அதைப் பின்தொடரச் சொல்வது. அப்போது y = 1 + 5e^(−3t) − 6e^(−2t), u = 1.5 + 1.5e^(−2t). உள்ளீடு இம்முறை +3-இல் தொடங்கி 1.5-இல் அடங்குகிறது, வெளியீடு 0.22-ஆவது விநாடியில் −0.28 வரை இறங்கிவிட்டுப் பிறகு ஏறுகிறது. அவ்வளவு இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர் மெதுவாக ஏறி அதைக் குறைத்துக்கொள்ளலாம். வேகமும் வேண்டும், இறக்கமும் கூடாது என்பவருக்கு இந்த அமைப்பு எதையும் தராது.

நேரியல் அமைப்பில் பூஜ்ஜியத்தை எண்ணாகவே காணலாம்; நேரியலற்ற அமைப்பில் அப்படி ஓர் எண் கிடையாது, ஆனால் வெளியீட்டைப் பிடித்து வைத்து எஞ்சுவதைப் பார்க்கும் வழி அங்கும் செல்லும். பைர்ன்ஸும் இசிடோரியும் 1980-களில் இந்தக் கருத்தை நேரியலற்ற அமைப்புகளுக்கு வளர்த்தெடுத்ததன் பயன் அதுதான். மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சுற்றான பூஸ்ட் கன்வெர்ட்டரில் இதை அழகாகப் பார்க்கலாம். மூல மின்னழுத்தம் E, சுருளின் தூண்டல் L, சுருளின் மின்னோட்டம் i, மின்தேக்கியின் தேக்குத்திறன் C, வெளியீட்டு மின்னழுத்தம் v, சுமை R, ட்யூட்டி சைக்கிள் d என்றால், சராசரிச் சமன்பாடுகள் இவை:

```
L i' = E - (1 - d) v
C v' = (1 - d) i - v/R
```

v-ஐ V என்ற மதிப்பில் அசையாமல் நிறுத்தினால் இரண்டாம் வரியிலிருந்து (1 − d) = V/(R i). இதை முதல் வரியில் இட்டால் L i' = E − V²/(R i). E = 12 வோல்ட், V = 24 வோல்ட், R = 24 ஓம் என்று எடுத்துக்கொண்டால் L i' = 12 − 24/i; சமநிலை 2 ஆம்பியரில். மின்னோட்டம் 2.2 ஆக இருந்தால் வலப்பக்கம் +1.1 வோல்ட், எனவே மேலும் ஏறும், 1.8 ஆக இருந்தால் −1.3 வோல்ட், மேலும் இறங்கும். மின்னழுத்தமானி 24-ஐ விட்டு அசையாதபோதே சுருளின் மின்னோட்டம் சமநிலையை விட்டு விலகி ஓடுகிறது. L = 100 மைக்ரோஹென்றி என்றால் அந்த ஓட்டத்தின் தொடக்க வீதம் விநாடிக்கு 60,000; மின்சுற்றுப் பொறியாளர்கள் வலது அரைத்தளப் பூஜ்ஜியத்துக்கு வழங்கும் R(1 − d)²/L என்ற சூத்திரமும் d = 0.5-இல் இதே எண்ணைத்தான் தருகிறது.

எதை வெளியீடு என்று தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்த நோய் வருகிறது என்பதையும் அதே இரு வரிகள் காட்டும். v-க்குப் பதிலாக i-ஐ 2 ஆம்பியரில் பிடித்து வைத்துப் பாருங்கள். i' = 0 என்பதால் (1 − d) = E/v; அப்போது C v' = 24/v − v/24. v 24-க்கு மேல் போனால் வலப்பக்கம் எதிர்க்குறி, கீழே போனால் நேர்க்குறி. மின்னழுத்தம் தானாகவே 24-க்குத் திரும்பிவிடும். அதே சுற்று, அதே சுமை, ஆனால் எஞ்சும் இயக்கம் இப்போது அடங்குகிறது. பூஸ்ட் கன்வெர்ட்டரில் உள்வளையம் மின்னோட்டத்தை வேகமாகப் பிடித்து வைக்க, மின்னழுத்தத்தைப் பார்க்கும் வெளிவளையம் அதற்கான மின்னோட்டக் குறிப்பைப் பூஜ்ஜியத்தின் அதிர்வெண்ணுக்கு வெகு கீழே மெதுவாகத் திருத்திக்கொண்டிருப்பது இதனால்தான்.